படிக்க எழுதியதும் கேட்கச் சொல்வதும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே வாழும் எம் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டின் மூத்த பெண் உயர்தர வகுப்பில் படிப்பவள். 'குடாநாட்டின் நிலத்தடி நீர்' என்னும் பொருள்பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குப் பாடசாலையில் முதற்பரிசு கிடைத்திருந்தது. அதனைக் கேள்வியுற்ற ஊர் வாசிகசாலையார், தம் ஆண்டுவிழாவில் அக்கட்டுரையை ஒரு பேச்சாக நிகழ்த்தும்படி கேட்டிருந்தனர். எட்டு நிமிடம் கொடுத்திருந்தனர்.

"அப்பிடியே வாசிச்சால் போதுந்தானே, மாமா?" என்று கேட்டாள் பெண்.

"வாசி, கேட்போம்" என்றோம்.

அவள் விறாந்தையில் நின்று வாசிக்கத் தொடங்கினாள். குரல் நல்ல குரல், உச்சரிப்பும் பிழையில்லை. சாய்மனைக் கதிரையிலே அமர்ந்திருந்த அவளுடைய அம்மம்மா, பாக்குவெட்டியை மடியில் வைத்துவிட்டுக் கூர்ந்து கேட்டார். முதல் இரண்டு நிமிடம் அவர் முகம் பேத்தியின்மேலேயே இருந்தது. மூன்றாம் நிமிடத்திற் பாக்குவெட்டி மறுபடியும் கைக்கு வந்தது. ஏழாம் நிமிடத்தில் அவர் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடியப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின.

அம்மம்மா படியாதவரல்லர், தினமும் பத்திரிகை வாசிப்பவர். கிணறும் தோட்டமும் அவருக்குத் தெரியாத பொருள்களுமல்ல. அப்படியிருந்தும் அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"கேணி எண்டாய், பிறகு கிணறு எண்டாய், பிறகு கூவல் எண்டாய். எதுக்குள்ள உப்பு வருகுது, பிள்ளை?"

"முன்னையது கெடும், பின்னையது மிகும் எண்டாய். எது முன்னையது?"

"நாப்பது எண்டு ஒரு கணக்குச் சொன்னாய். நாப்பது என்ன?"

பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் இம்மூன்று கேள்விகளையும்விட நல்ல திருத்தக் குறிப்பை எந்த ஆசிரியரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அடுத்த நான்கு மாலைகளும் நாம் அக்கேள்விகளை வைத்துக்கொண்டே அந்தக் கட்டுரையைப் பேச்சாக மாற்றினோம். அதை எவ்வாறு செய்தோமென்பதை, பாடசாலைப் பேச்சுப் போட்டிகளுக்கும் சங்க மேடைகளுக்கும் ஆயத்தஞ் செய்யும் மாணவர்க்காக இங்கே எழுதுகின்றோம்.

முதலில் மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். கட்டுரையின் உயிர்நாடியே அந்த நாற்பதுதான். அது வரும் வசனம் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது:

"ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாகப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையினாற் பெறப்பட்டுச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடாகக் கீழிறங்கிக் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும் நன்னீர்ப் படையின் மட்டம், இறைப்பு யந்திரங்களின் மிகையான பாவனையினால் ஓர் அடி தாழுமிடத்து, அதன் அடித்தளம் நாற்பது அடி உயரக்கூடுமென்பது கைபென், ஹேர்ஸ்பேர்க் ஆகிய அறிஞர்களாற் கண்டறியப்பட்டுள்ளது."

வசனத்தில் இலக்கணப் பிழை யாதுமில்லை. கண்ணால் வாசிப்பவர் ஒரு முறை தடுமாறினாலும், விரலை மேலே கொண்டுபோய் மறுபடி வாசித்துப் பொருளைப் பிடித்துக்கொள்வார். காதாற் கேட்பவருக்கு அந்த விரல் இல்லை. போன சொல் போனதுதான். இவ்வசனத்தில் 37 சொற்கள் உள்ளன. 'மட்டம்' என்பதுதான் பேசப்படும் பொருள். அது வருமுன் 19 சொற்கள் கடந்துவிடுகின்றன. மழை, பாறை, வெடிப்பு, கடல், வில்லை ஆகிய எல்லாவற்றையும், இவை எதற்காகச் சொல்லப்படுகின்றன என்று தெரியாமலே, கேட்பவர் கையில் ஏந்தி நிற்கவேண்டும். மட்டம் வந்ததும் அதற்கு என்ன ஆயிற்று என்று அறிய இன்னும் காத்திருக்கவேண்டும். நாற்பது அடி என்று வரும்போது அவர் கைகள் நிறைந்துபோய்விட்டன. அதனாலேதான் நாற்பது தனியே நழுவி விழுந்தது.

இங்கே தமிழின் அமைப்பைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்மொழியில் நீண்ட வசனங்கள் இருவகையாகப் பிறக்கின்றன. 'இறங்கி, தேங்கி, நிற்கிறது' என்று வினையெச்சங்களை அடுக்குவது ஒருவகை. இது காதுக்கு அவ்வளவு இடையூறு செய்வதில்லை. நடந்த ஒழுங்கிலேயே சொற்களும் வருகின்றன; நமது பாட்டிமார் கதை சொல்வதும் அப்படித்தானே! மற்ற வகை, ஒரு பெயருக்கு முன்னே 'பெய்யும்', 'நிற்கும்' என்று பெயரெச்சங்களைக் குவிப்பது. இது எழுத்துக்கே உரிய கட்டு. பெயர் வரும்வரை எல்லாம் அந்தரத்தில் நிற்கும். எனவே வசனத்தை உடைக்க விரும்பும் மாணவர், முதலிற் பெயரெச்சங்களைத் தேடிக் கோடிடவேண்டும். ஒவ்வொரு பெயரெச்சத் தொடரும் பேச்சில் ஒரு தனி வசனமாகும். பெயரை முன்னே கொண்டுவந்து, அதைப்பற்றிய செய்தியைப் பின்னே சொல்லவேண்டும்.

தொகைச்சொற்களும் அப்படியே. 'நன்னீர்ப்படை மிகையுறிஞ்சலால் விளையும் உவர்நீரேற்றம்' என்று வேறோரிடத்தில் எழுதியிருந்தாள். தாளில் இது சுருக்கம்; காதில் இது முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் மூன்று வசனங்கள் கிடைக்கின்றன: "நிலத்தின் கீழே நல்ல தண்ணீர் இருக்கிறது. அதை நாம் அளவுக்கு மேல் இறைக்கிறோம். அப்போது கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஏறுகிறது."

கட்டுரையின் அந்த 37 சொல் வசனம், இரண்டாம் மாலையில், பின்வருமாறு ஆயிற்று:

"நமது ஊரில் வற்றாத ஆறு இல்லை. மழைதான் நமக்கு ஆறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதமும் மழை பெய்கிறது. அந்த மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது. நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். கல்லிலே வெடிப்புகள் இருக்கின்றன. தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக இறங்கி, கீழே தேங்கி நிற்கிறது. எதன்மேல் நிற்கிறது? கடல் தண்ணீரின்மேல் நிற்கிறது. ஆம், நமது கிணறுகளுக்குக் கீழே கடல் இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர். கீழே உப்புத் தண்ணீர்.

இனி, நாம் இறைக்கிறோம். மேலே ஓர் அடி குறைகிறது. கீழே என்ன நடக்கும்? கீழே உப்புத் தண்ணீர் ஏறும். எவ்வளவு ஏறும்? ஓர் அடியா? இல்லை. நாற்பது அடி. மேலே ஓர் அடி குறைந்தால், கீழே நாற்பது அடி ஏறும்."

சொற்கள் இருமடங்குக்கு மேலாயின என்பதை வாசகர்கள் கவனித்திருப்பர். அது தவிர்க்கமுடியாதது. ஆகையால் கட்டுரையிலுள்ள எல்லாவற்றையும் பேச்சுக்குள் கொண்டுவர முயல்வது வீண். கட்டுரை 1,100 சொற்கள் கொண்டது. பன்னிரண்டு நிமிடத்தில் அதை வாசித்தாளாகையால், நிமிடத்துக்கு 90 சொல்லுக்குச் சற்று மேல் என்பது கணக்கு. எட்டு நிமிடத்துக்கு 730 சொற்கள் வரும். ஆனால் இடைநிறுத்தவும் வேண்டும். அவையோர் சிரித்தாலோ குழந்தை அழுதாலோ சற்றுப் பொறுக்கவும் வேண்டும். எனவே 600 சொல்லுக்கு மேற்போவதில்லை என்று முடிவு செய்தோம். ஆங்கிலத்திலே பேச்சுக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை நம் மாணவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. நமது சொற்கள் உருபும் இடைச்சொல்லும் சேர்ந்து நீண்டவை. கடிகாரத்தை வைத்துத் தமது குரலைத் தாமே அளந்துகொள்வதே சரி.

கைபெனும் ஹேர்ஸ்பேர்க்கும் பேச்சிலிருந்து நீங்கினர். ஒருவர் ஒல்லாந்தர், மற்றவர் ஜேர்மனியர். பெரிய உண்மையைக் கண்டவர்கள். ஆயினும் புதிய பெயரொன்று காதில் விழுந்தால், 'யார் அது?' என்று மனம் ஒரு கணம் பின்னே நின்றுவிடும். அந்தக் கணத்தில் நாற்பது கடந்துபோகும். மழையின் அளவும் மாறிற்று. கட்டுரையில் '1,200 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்' என்று இருந்தது. பேச்சிலே, "ஓராண்டு மழை முழுவதும் ஓடாமல் இந்த முற்றத்தில் தேங்கினால், நான்கு அடி நிற்கும். என் நெஞ்சளவு நிற்கும்" என்று கையை வைத்துக் காட்டினாள்.

அம்மம்மா தாமாகவே ஓர் உவமை தந்தார். "சாமியறைக் கண்ணாடி விளக்கில கீழ தண்ணி, மேல எண்ணெய் நிக்குமே, அப்பிடியோ?" என்றார். அந்த உவமை பேச்சில் இடம்பெற்றது. தண்ணீரும் எண்ணெயும் கலவா. நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் எல்லையில் மெல்லக் கலப்பன. ஆகவே, "விளக்கில் எண்ணெய் நிற்பதுபோல நிற்கிறது. ஆனால் எண்ணெயைப்போல முற்றாகப் பிரிந்து நிற்பதில்லை" என்று இரண்டாம் வசனமொன்றைச் சேர்த்தோம். வசனத்தை எளிதாக்கும்போது உண்மை கெட்டுவிடுவது இத்தகைய இடங்களிலேதான். கட்டுரையில் 'கூடும்', 'நாளடைவில்', 'ஓய்வுநிலையில்' என்றெல்லாம் காப்புச் சொற்கள் இருந்தன. அவற்றை வெட்டினால் பேச்சு பொய்யாகும். வசனத்துக்குள்ளே வைத்தால் மறுபடி முடிச்சாகும். வழி ஒன்றுதான்: காப்புக்கும் ஒரு தனி வசனங் கொடுக்கவேண்டும். "இது ஒரே நாளில் நடப்பதன்று. ஆண்டுகள் செல்லலாம். எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவாக நடப்பதுமன்று." மூன்றே வசனங்கள். உண்மையும் பிழைத்தது.

இனி, முதல் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். கேணி, கிணறு, கூவல் என்று பெண் மாற்றி மாற்றி எழுதியது அழகுக்காக. ஒரே சொல் திரும்ப வந்தால் நடை தளரும் என்பது வகுப்பிற் கற்றது. நன்னூலாரும் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' என்பதையும் ஒன்றாக வைத்தாரல்லவா? அது நூலுக்குச் சொன்ன விதி. கேட்பவர் காதிலோ, புதிய சொல் வந்தால் புதிய பொருள் வந்ததென்றே விழும். கேணி என்றால் நம்மூரிற் கோயிற் கேணியையே நினைப்பர். எனவே கிணறு என்று தொடங்கினால் முடிவுவரை கிணறே. நன்னீர், இன்னீர், தூயநீர் என்பனவெல்லாம் போய் 'நல்ல தண்ணீர்' ஒன்றே நின்றது.

'முன்னையது', 'பின்னையது', 'மேற்கூறிய', 'கீழ்க்காணும்' என்பன தாளைப் பார்த்துச் சொல்லும் சொற்கள். பேச்சில் மேலுமில்லை, கீழுமில்லை. 'அது', 'இது', 'அவை' என்பனகூட, குறிக்கும் பெயர் இரண்டு வசனத்துக்கு அப்பாற் போய்விட்டால், பயனற்றவையாகும். பெயரையே மறுபடி சொல்லிவிடுவது நன்று. தாளிற் பார்க்கையில் அது மந்தமாகத் தோன்றும். பெண்ணும் அப்படித்தான் முறையிட்டாள். "வாயால் சொல்லிப் பார்" என்றோம். சொல்லிப் பார்த்தாள், பிறகு முறையிடவில்லை.

மூன்றாம் மாலை, நாம் எதிர்பாராத ஒரு தவறு நேர்ந்தது. திரும்பச் சொல்லவேண்டும் என்று நாம் கூறியதை அவள் தன் பழக்கத்தின்படி விளங்கிக்கொண்டாள். 'மேலே ஓர் அடி குறைந்தால், கீழே நாற்பது அடி ஏறும்' என்பதைப் பேச்சில் மூன்றிடத்தில் வைத்திருந்தாள். ஆனால் இரண்டாம் இடத்தில், 'நன்னீர் தாழ உவர்நீர் ஓங்கும்' என்றும், மூன்றாமிடத்தில், 'இனிமை குன்றிற் கரிப்பே எஞ்சும்' என்றும் அழகுபடுத்தியிருந்தாள். அம்மம்மாவுக்கு அவை மூன்று வெவ்வேறு செய்திகளாகப் பட்டன. திரும்பச் சொல்வதன் பயன், கேட்பவர் 'இது நான் அறிந்தது' என்று கண்டுகொள்வதே. கீர்த்தனையிற் பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் சொல்மாறாமல் திரும்புவதால்தான் சபையோர் தாமும் சேர்ந்து பாடுகின்றனர். ஆதலால் மையமான அந்த ஒரு வசனத்தை ஓரெழுத்தும் மாற்றாமல் மூன்று முறை சொல்வதென்று வைத்துக்கொண்டோம்: தொடக்கத்தில் ஒரு முறை, விளக்கியபின் ஒரு முறை, பரிகாரம் சொல்லுமுன் ஒரு முறை. நான்காவதும் வேண்டுமா என்று கேட்டாள். எட்டு நிமிடத்துக்கு மூன்று போதும். மிஞ்சினால் அவையோர், 'நம்மைச் சிறுபிள்ளைகளென்று எண்ணினாளோ' என்று நினைப்பர். மற்ற வசனங்களை இப்படித் திருப்பவே கூடாது. எல்லாம் திரும்பினால் எது மையம் என்று தெரியாது போய்விடும்.

இக்கலை நமக்குப் புதியதன்று. நமது கோயில்களிலே கந்தபுராண படனம் கேட்டவர்கள் நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் செய்யுளைச் சந்தி பிரித்து, துண்டு துண்டாக வாசிப்பார். மற்றவர் அத்துண்டை எடுத்துப் பயன் சொல்வார். அதன்பின்பே வாசிப்பவர் அடுத்த துண்டுக்குப் போவார். எழுதப்பட்ட ஒன்றைக் கேட்பவருக்கு ஏற்றபடி உடைத்து, நிறுத்தி, மறுபடி தருவது அங்கே ஒரு முறையாகவே நின்றிருக்கிறது. 1847ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே பிரசங்கம் செய்யத் தொடங்கிய ஆறுமுக நாவலரே, நமது உரைநடையைத் திருத்தி அமைத்தவருமாவார். வாய்க்கும் தாளுக்கும் உரிய இரண்டையும் ஒருவரே ஆண்டது நம் பேறு.

வானொலி வந்தபோது மேனாட்டாரும் இதே இடையூற்றிற் சிக்கினர். கட்டுரைகளை எழுதியபடியே வாசித்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. பி.பி.சி. நிறுவனத்தின் பேச்சுப் பகுதிக்கு முதற் பணிப்பாளராயிருந்த ஹில்டா மத்தேசன் என்னும் அம்மையார், 1920களின் பிற்பகுதியில், பெருங்கூட்டத்தை நோக்கியன்றி, தனியே இருந்து கேட்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பேசும்படி தம் பேச்சாளர்களைப் பழக்கினார். நமக்கு அந்த ஒருவர் சாய்மனைக் கதிரையில் எதிரே இருந்தார், அது நல்வாய்ப்பு.

வழிகாட்டும் வசனங்களைப்பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். தாளிலே தலைப்பு உண்டு, பந்தி உண்டு, இலக்கம் உண்டு. வாசிப்பவர் ஒரு பந்தி முடிந்ததைக் கண்ணாலே காண்கிறார். காதுக்குப் பந்தி தெரியாது. ஆகவே, தலைப்பின் வேலையை ஒரு வசனம் செய்யவேண்டும். அந்த வசனத்துக்கு இரண்டு கால்கள்: ஒன்று முடிந்ததை மிதிக்கவேண்டும், மற்றது தொடங்குவதை மிதிக்கவேண்டும். "தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தோம். இனி, அது எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம்." இது வழிகாட்டி. "இத்தருணத்தில் நான் கூற விரும்புவது என்னவென்றால்" என்பது வழிகாட்டியன்று. வழியில் நின்று மூச்சு வாங்குவது. மேடைகளில் இதனைக் கேட்டுக் கேட்டு மாணவர்களும் பழகிவிட்டனர். வெட்டிப் பார்த்தால் ஒன்றும் குறையாது.

'முதலாவதாக' என்று தொடங்குபவர், மொத்தம் எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். கட்டுரையின் இறுதியில் ஏழு பரிகாரங்கள் இருந்தன. ஏழும் நல்லவை. ஏழையும் கேட்ட அம்மம்மா, ஒன்றைத்தான் சொன்னார், அதுவும் கடைசியானது. ஆகையால் இரண்டை வைத்துக்கொண்டோம். ஊர்க்குளங்களைத் தூர்வாரி மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறங்கவிடுதல் ஒன்று. ஒரே மூச்சில் இறைக்காமல் இடைவிட்டு இறைத்தல் மற்றொன்று. இவற்றோடு, செய்யக்கூடாதது ஒன்றும் இருந்தது: தண்ணீர் குறைந்ததென்று கிணற்றை மேலும் ஆழமாக்கல். ஆழமாக்கினால் உப்புக்கு அருகே போகிறோம்.

அந்தச் செய்யக்கூடாததில் ஓர் ஆபத்தைக் கண்டோம். அவள் எழுதியிருந்தது, "கிணற்றை மேலும் ஆழமாக்குதல் நன்மை பயக்காது" என்பது. தமிழிலே எதிர்மறை வசனத்தின் கடைசி நுனியில் நிற்கிறது. பேசுவோர் பெரும்பாலும் வசன முடிவிற் குரலைத் தாழ்த்துகின்றனர். ஒலிபெருக்கியின் எதிரொலியும் நுனியைத்தான் விழுங்கும். 'பயக்காது' என்பது 'பயக்கும்' என்று கேட்டுவிட்டால், ஒரு தோட்டக்காரர் மறுநாளே கிணறு வெட்டுவோரைக் கூட்டிவருவார்! எனவே எதிர்மறையை முன்னே அறிவித்தோம்: "ஒன்று மட்டும் செய்யக்கூடாது. கிணற்றை ஆழமாக்கக் கூடாது." இரு முறை வருவதால் ஒன்று தவறினாலும் மற்றது காக்கும்.

வசனங்களைக் குறுக்கும் உற்சாகத்தில் இன்னொரு பிழையும் நேர்ந்தது. ஒரு பக்கம் முழுவதும் நான்கு சொல், ஐந்து சொல் வசனங்களாகவே எழுதிக்கொண்டு வந்தாள். வாசித்தபோது அணிவகுப்பில் கட்டளை இடுவதுபோலிருந்தது. நாலைந்து குறுவசனங்களுக்குப் பின், நடந்த ஒழுங்கிலே வினையெச்சம் தொடுத்த ஒரு நீளவசனம் வந்தால் காது இளைப்பாறும். எது நீளம், எது குறுக்கம் என்று அறியச் சொற்களை எண்ணவேண்டியதில்லை. உரக்கச் சொல்லும்போது மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வசனம் நீண்டுவிட்டது.

பேச்சின் தொடக்கத்தையும் மாற்றவேண்டியிருந்தது. கட்டுரை, குடாநாட்டின் நிலவியலில் தொடங்கி, துலா மிதித்து இறைத்த காலம், யந்திரம் வந்த காலம் என்று நடந்து, உப்புக்கு வரும்போது பாதி வழி கடந்திருந்தது. கேட்பவர் எதற்காக இதைக் கேட்கவேண்டும் என்பதை முதல் நிமிடத்திலேயே அறியவேண்டும். "ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் குடித்தேன். சென்ற ஆண்டு அது இனித்தது. இந்த ஆண்டு கரிக்கிறது" என்று தொடங்கும்படி சொன்னோம்.

அப்போது அவள் தயங்கினாள். காரணம் எமக்குப் பின்புதான் தெரிந்தது. கரித்த கிணறு அடுத்த வளவுக்காரருடையது. அதற்கு அண்மையில் வெங்காயத் தோட்டத்துக்கு நாள்முழுதும் யந்திரம் வைத்து இறைப்பவர் அவளுடைய தகப்பனார். விழாவில் இருவரும் முன்வரிசையில் இருப்பர். கட்டுரையில், 'விவசாயிகளால் மிகையாக இறைக்கப்படுகின்றது' என்று எழுதியது எளிதாயிருந்தது. அந்தச் செயப்பாட்டுவினைக்குப் பின்னே யாரும் தெரியவில்லை. பேச்சிலே இறைப்பவர் யார் என்று சொல்லியாகவேண்டும். 'நீங்கள் இறைக்கிறீர்கள்' என்றாற் குற்றச்சாட்டு. 'அவர்கள் இறைக்கிறார்கள்' என்றாற் பொய்.

இவ்விடத்தில் நம்மொழி ஒரு கைகொடுக்கிறது. கேட்பவரையும் உளப்படுத்தும் 'நாம்' வேறு. கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' வேறு. ஆங்கிலத்துக்கு இவ்வேறுபாடு இல்லை. நம்மூர்ப் பேச்சில் 'நாங்கள்' என்பதே இரண்டுக்கும் வருவதுண்டு. ஆயினும் மேடையில் 'நாம்' என்பதை அவையோர் உடனே உணர்வர். "நாம் இறைக்கிறோம். எங்கள் வீட்டிலும் இறைக்கிறோம்" என்று எழுதினாள். கிணறு யாருடையது என்பதைச் சொல்லவில்லை. அது போதுமானதாயிருந்தது.

விழாவுக்கு முழுத்தாளையும் கொண்டுபோகவேண்டாமென்று சொன்னோம். ஒரு வசனத்துக்கு ஒரு வரியாக, பெரிய எழுத்தில், நிறுத்துமிடத்திற் கோடிட்டு எழுதினாள். முதல் மூன்று வசனத்தையும் கடைசி இரண்டையும் மாத்திரம் மனனஞ் செய்தாள். முதல் நாள் மாலை, அம்மம்மாவிடம் மேலும் கேள்வி கேட்கவில்லை, பாக்கு வாங்க வந்த அயல்வீட்டுப் பெண்மணிக்கு அவர் தாமாகவே, "மேல ஓரடி குறைஞ்சால் கீழ நாப்பதடி ஏறுமாம், தெரியுமோ?" என்று சொல்லக் கேட்டோம்.

விழாவன்று பேச்சு ஏழரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டிடத்தில் வேகமாகப் போய்விட்டாள். ஒலிபெருக்கியும் ஒரு முறை கரகரத்தது. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து, "பிள்ளை, ஒரே நாளில ஏறாது எண்டாய். அப்ப என்ரை கிணத்தில ஏறுதோ இல்லையோ எண்டு நான் என்னெண்டு அறியிறது?" என்று கேட்டார்.

அதற்கு விடை, நாம் வெட்டியெறிந்த ஐந்து பரிகாரங்களுள் ஒன்றில் இருந்தது. வெட்டியவை அவள் மனத்தில் அப்படியே இருந்தன. "இறைக்கத் தொடங்கும்போது ஒரு போத்தல் தண்ணீர் எடுங்கள். இறைத்து முடியும்போது இன்னொரு போத்தல் எடுங்கள். இரண்டையும் ருசி பாருங்கள். இரண்டாவது கரித்தால், உப்பு ஏறுகிறது. கரிக்காவிட்டாலும், இரண்டு போத்தலையும் சோதனைக்குக் கொடுங்கள். நாவுக்குத் தெரியுமுன் கருவிக்குத் தெரியும்" என்றாள்.

தகப்பனார் அன்றிரவு பேச்சைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாட் காலை நாம் புறப்படும்போது, அவர் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் இரண்டு வெறும் போத்தல்கள் இருந்தன.